இலவச மசாலாவும் இரண்டாம் பாக்கெட்டும்

செமினி இரவுச் சந்தையில் மீன் குழம்பு மசாலா விற்கும் அக்கா ஒருவர் குழம்பைக் கரண்டியில் ருசிக்கக் கொடுத்தார். ருசித்தவர்கள் வாங்கினார்கள்தான். ஆனால் சாப்பிட்ட கையோடு வாங்குவதில் பாதி கூச்சம். அதை விற்பனை என்று நான் நம்புவதில்லை.

30 கிராம் மாதிரிப் பாக்கெட் கொடுங்கள் என்றேன். அரைக் கிலோ மீனுக்குப் போதும். அவரவர் வீட்டுப் புளியில் கொதித்த பிறகுதான் தீர்ப்பு. பெரிய பாக்கெட் வாங்குபவரின் தொலைபேசி எண்ணில் கடைசி நான்கு இலக்கத்தை, கேட்டுவிட்டு, நோட்டில் குறிக்க வேண்டும். அதே எண் முழு விலையில் மறுபடி வந்தால்தான் கணக்கு. தள்ளுபடியில் வந்தவர் சேர்த்தியில்லை.

உதாரணத்துக்கு, 100 மாதிரிக்கு 150 வெள்ளி செலவு. 20 பேர் வாங்கி, 6 பேர் திரும்புகிறார்கள். பாக்கெட்டுக்கு லாபம் 5 வெள்ளி. ஒருமுறை வாங்கிய 14 பேர் 70 வெள்ளியைத் தந்துவிடுவார்கள். மீதி 80-ஐ மீட்க அந்த 6 பேரும் ஆளுக்கு மூன்று பாக்கெட் வாங்க வேண்டும்.

பாக்கெட் தீர ஒரு மாதமாவது ஆகும். அதற்குள் எண்ணினால் எல்லாரும் ஓடிப்போனதாகத் தெரியும். தீபாவளிக்கு முந்திய வாரங்களில் இந்தச் சோதனையே வேண்டாம். அப்போது எல்லாருமே வாங்குவார்கள்.