நாளை என்னும் சொல்

வாட்ஸ்அப்பில் இடும் நிலைத்தகவல் 24 மணி நேரம் நின்று, பின் தானாகவே மறைந்துவிடும். நீட் தேர்வுக்கு முந்தைய இரவு அதனை எழுதும் மாணவர்கள் இந்தக் கணக்கை எண்ணுவதில்லை. போபாலில் நான் தமிழ் கற்பிக்கும் பள்ளியில் பெரும்பாலோர் அவ்வரியை இந்தியிலோ ஆங்கிலத்திலோ எழுதுவர். தமிழில் எழுதுவோர் சிலரே. அவ்வரிகளை நான் இருமுறை படிப்பேன். ஆசிரியர் வழக்கம் எளிதில் போகாது.

சென்ற ஆண்டு ஒரு மாணவி சனிக்கிழமை இரவு 9 மணிக்கு இவ்வாறு எழுதினாள்: “நாளை எனக்கு நீட் தேர்வு. எல்லோரும் வேண்டிக்கொள்ளுங்கள்.” எழுத்துப்பிழை ஒன்றுமில்லை. ஆயினும் நள்ளிரவு கடந்ததும் ‘நாளை’ என்னும் சொல் பொய்யாயிற்று. மதுரையிலுள்ள அவளுடைய பெரியம்மா ஞாயிறு காலையில் அதனைக் கண்டு, தேர்வு திங்கட்கிழமை என்று கொண்டார். பிற்பகல் 3 மணிக்கு, மையத்துக்கு வெளியே காத்திருந்த தந்தையின் கைப்பேசிக்கு அழைத்து, “பிள்ளை படிக்கிறாளா?” என்று கேட்டாராம். ‘வேண்டிக்கொள்ளுங்கள்’ என்பதோ மறுமொழியை வரவழைக்கும் சொல். உறவினர் வாழ்த்துகள் இரவு பதினொன்றரை வரை வந்தன. பெரியவர்களுக்கு மறுமொழி தராதிருத்தல் முறையன்று எனக் கருதி, அவள் ஒவ்வொருவருக்கும் நன்றி எழுதிக்கொண்டிருந்தாள். உறங்க வேண்டிய நேரம் அது.

இவ்வாண்டு அவள் மீண்டும் தேர்வெழுதினாள். வரியை முன்னதாகவே என்னிடம் காட்டினாள். “ஐயா, ‘யாரும் அழைக்க வேண்டாம்’ என்று எழுதலாமா?” என்று கேட்டாள். செய்தி சரியானதே, ஆனால் ஊரிலுள்ள தாத்தாவுக்கு அது கதவை அடைத்தது போலத் தோன்றும். அழைக்காதீர்கள் என்பதை விட, தான் அழைக்கும் நேரத்தைச் சொல்வது நன்று என்றேன். நுழைவுச்சீட்டின் படத்தை உடன் இடவும் எண்ணியிருந்தாள். அதில் விண்ணப்ப எண்ணும் பிறந்த நாளும் இருத்தலால், அதனை விடச் செய்தேன்.

முடிவில் வரி இவ்வாறு அமைந்தது: “ஞாயிறு பிற்பகல் 2 மணிக்கு நீட் தேர்வு. அன்று மாலை 7 மணிக்கு நானே அழைக்கிறேன். உங்கள் வாழ்த்து என்னோடு இருக்கிறது.”

கிழமையைக் குறித்ததால் எப்போது படித்தாலும் பொருள் மாறாது. வாழ்த்தைப் பெற்றுக்கொண்டதாகவே சொன்னமையால் மறுமொழிக்குத் தேவையில்லை. ‘அழைப்பேன்’ என்னாமல் ‘அழைக்கிறேன்’ என்றது ஏன் என்று அவளே வினவினாள். உறுதியாக நிகழவிருப்பதை நிகழ்காலத்தாற் கூறுதல் தமிழ் மரபு. இலக்கணத்தார் இதனைக் கால வழுவமைதி என்பர். ‘அழைப்பேன்’ என்றால் பெரியம்மா ஐயுறக்கூடும்.

அன்றிரவு வந்த மறுமொழிகள் நான்கே. மறுநாள் மாலை 6.50 மணிக்கே பெரியம்மா கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தாராம்.