ஹப்புத்தளையில் தங்கிய அந்த ராத்திரி

போன கிழமை எங்கட ஊர்ப் பிள்ளை ஒருத்தி நியமனக் கடிதத்தோட வீட்டுக்கு வந்தா. கல்வியியற் கல்லூரி முடித்த கையோடு பதுளைப் பக்கம் போட்டிருக்கிறார்கள். "டீச்சர், நீங்களும் முதல்ல அந்தப் பக்கம்தானே போனீங்க, எப்படி இருந்திச்சு?" என்று கேட்டா. தேத்தண்ணி ஆறும் வரைக்கும் சொன்னேன், முடியவில்லை. மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

2014 நவம்பர். எனக்கு 24 வயது. அட்டாளைச்சேனையில் படித்து முடித்து, ஹப்புத்தளைக்கு அப்பால் ஒரு தோட்டப் பாடசாலைக்கு நியமனம் கிடைத்தது. காக்காதான் கூட்டிக்கொண்டு போவதாக இருந்தது. இரண்டு நாளைக்கு முந்தி அவருக்கு டெங்கு. வாப்பா மௌத்தாகி அப்போது மூன்று வருடம். திங்கட்கிழமை கடமையேற்க வேண்டும். உம்மா ஒரு ராத்திரி முழுக்க அழுதுவிட்டு, ஞாயிறு காலையில் என்னைத் தனியாக பஸ் ஏற்றிவிட்டா.

உம்மா அழுததில் ஒன்றும் மிகையில்லை. அதே வருடம் ஜூனில்தான் அளுத்கம எரிந்தது. ஹபாயா போட்ட பிள்ளை, சிங்களம் தெரியாது, முன்பின் தெரியாத ஊர். போதாக்குறைக்கு, மீரியபெத்தை மண்சரிவு நடந்து மூன்று கிழமைகூட ஆகவில்லை. நான் போக வேண்டிய பாதையும் அந்தக் கொஸ்லந்தையைத் தாண்டித்தான்.

அக்கரைப்பற்றிலிருந்து பொத்துவில், மொனராகலை, வெல்லவாய என்று வரும்வரை எல்லாம் சரியாகத்தான் போனது. வெல்லவாய கழிய மலை ஏறத் தொடங்கினால் தியலும நீர்வீழ்ச்சி றோட்டுக்குப் பக்கத்திலேயே தெரியும். அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மழை பிடித்தது. கொஸ்லந்தைக்குக் கொஞ்சம் முன்னால் பஸ் நின்றது. மேலே இருந்து மண்ணும் கல்லும் றோட்டில் இறங்கிக் கிடந்தது. பெக்கோ வந்து வழி திறக்க நாலு மணித்தியாலம். பஸ்ஸில் யாரும் சத்தமாகக் கதைக்கவில்லை. எல்லாரும் மலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பெரகலைச் சந்தியில் இறங்கி, அடுத்த பஸ் பிடித்து ஹப்புத்தளைக்கு வந்து சேர ராத்திரி ஏழேகால். அதிபர் ஏற்கனவே சொல்லியிருந்தார், தோட்டத்துக்குப் போகிற கடைசி பஸ் பின்னேரம் என்று. அவருக்கு கோல் எடுத்தால் போகவில்லை, அங்கே சிக்னல் இல்லை. என் போனில் சார்ஜும் முடிந்தது.

புதிதாகப் போகிற பிள்ளைகள் இதை மட்டும் மனதில் வையுங்கள். எங்கட ஊரில் ஏழரைக்குத்தான் கடைத்தெரு களைகட்டும். மலையூரில் அந்த நேரம் ஊர் படுத்துவிடும். நான் இறங்கியபோது மூன்று கடைதான் திறந்திருந்தது. பனி என்றால் நாம் நினைக்கிற பனி இல்லை, கடை வாசல் லைட்டைக்கூட மறைக்கிற புகார். கடற்கரையில் வளர்ந்த எனக்கு ஸ்வெட்டர் வேண்டும் என்ற யோசனையே வரவில்லை.

பக்கத்தில் ஒரு தங்குமிடத்தில் கேட்டேன். கவுன்டரில் இருந்தவர் அடையாள அட்டையைக் கேட்டார், கொடுத்தேன். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "யார் கூட வந்தது?" என்று கேட்டார். தனியாக வந்தேன் என்றேன். கடிதத்தையும் காட்டினேன். அட்டையை மேசையில் வைத்துவிட்டு "ரூம் ஃபுல்" என்றார். அவருக்குப் பின்னால் பலகையில் சாவிகள் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. அதை நான் பார்த்ததை அவரும் பார்த்தார். தனியாக வருகிற பெண்ணுக்கு அறை கொடுத்தால் நாளைக்குப் பிரச்சினை வருமென்று பயந்திருக்கலாம். இன்றைக்கு அப்படி யோசிக்கிறேன், அன்றைக்கு யோசிக்கவில்லை. வெளியே வந்து, அட்டையை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்தபடி மழையில் நின்றேன்.

வெளிச்சம் இருந்த ஒரே இடம் ரயில் நிலையம். கொழும்புக்குப் போகிற இரவுத் தபால் ரயில் எட்டு மணி வாக்கில் வரும் என்று நாலைந்து பேர் காத்திருந்தார்கள். நானும் போய் வாங்கில் உட்கார்ந்தேன். ரயில் வந்தது, எல்லாரும் ஏறினார்கள், போய்விட்டது. மேடையில் மிச்சம் இருந்தது நானும், மகனை வழியனுப்ப வந்த ஒரு சிங்கள மனுசியும்தான்.

அவ திரும்பிப் போகும்போது என்னைப் பார்த்து நின்றா. "கோச்சிய கியா நே துவ" என்றா. ரயில் போய்விட்டதே மகள் என்கிறா என்பது மட்டும் விளங்கியது. தலையை ஆட்டினேன். இன்னும் என்னவோ கேட்டா. சிங்களம் தெரியாது என்றேன். என் ஹபாயாவை ஒரு தரம் பார்த்தா. பிறகு, நான் கனவிலும் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. அவ அரபியில் கதைக்கத் தொடங்கினா.

"இன்தி லேஷ் ஹினி? பைத் வேன்?"

நீ ஏன் இங்கே, வீடு எங்கே என்கிறா. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. மதரஸாவில் பத்து வருடம் ஓதிய எனக்கு அரபியில் ஒரு பதில் சொல்ல வாய் வரவில்லை. ஹப்புத்தளையில் ஒரு சிங்களத் தாய் தண்ணியாகக் கதைக்கிறா. நாலு வருடம் குவைத்தில் வீட்டு வேலை செய்தவவாம்.

சத்தம் கேட்டு ஸ்டேஷன் மாஸ்டர் வந்தார். அவருக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும். கடிதத்தை வாசித்துவிட்டு, "இவங்க வீட்டுக்குப் போங்க டீச்சர், நல்ல மனிசி" என்றார். நல்ல மனிசி என்று சொல்கிற அவரையே எனக்கு ஐந்து நிமிடமாகத்தான் தெரியும். நான் அசையவில்லை. உண்மையைச் சொன்னால், அந்த நேரம் என்னிடம் நன்றி உணர்ச்சி ஒன்றும் இல்லை, பயம்தான் இருந்தது. அவர் தன் போனைத் தந்து, வீட்டுக்குக் கதைக்கச் சொன்னார். உம்மாவிடம் எல்லாம் சொன்னேன். உம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு "அந்த மனுசிக்கிட்ட குடு மகள்" என்றா.

ஒருவரது பாஷை ஒருவருக்குத் தெரியாது. இவ சிங்களத்தில் என்னவோ சொல்லிக்கொண்டே போனா, இடையில் இருமினா, பிறகு சிரித்தா. போன் திரும்ப என் கைக்கு வந்தபோது உம்மா கேட்டா: "அந்த மனுசிக்கு இழுப்பா மகள்? இந்தக் குளிர்ல நிக்க வைக்காத, போ."

டோர்ச் வெளிச்சத்தில் தண்டவாளம் ஓரமாக நடந்தோம். அந்த ஊரில் ரயில் பாதைதான் பாதிப் பேருக்கு நடைபாதை. லைனுக்குக் கீழே இரண்டு அறை வீடு. மகன் கொழும்பில் ஒரு கடையில் வேலை, அன்றைக்குத்தான் லீவு முடிந்து போகிறான். நான் அவவை அம்மே என்று கூப்பிட்டேன், வேறு எப்படிக் கூப்பிடுவதென்று தெரியவில்லை.

பாண், இரண்டு அவித்த முட்டை, ப்ளேன் டீ, கித்துள் கருப்பட்டி. முட்டையை ஓட்டோடேயே கோப்பையில் வைத்து என் முன்னால் தள்ளினா. "மா ஃபீ லஹம்" என்று சொல்லிச் சட்டியையும் திறந்து காட்டினா. இறைச்சி படாத சட்டியாம். பிறகு அலுமாரியிலிருந்து வெளுத்த போர்வை ஒன்றை எடுத்துத் தரையில் விரித்து, சூரியன் இறங்குகிற பக்கத்தைக் கையால் காட்டிவிட்டு வெளியே போனா. தொழுதேன். தொழுகை முடிந்தும் பயம் போகவில்லை. மகனுடைய அறைக் கட்டிலில் பேக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். படுப்பதாக உத்தேசம் இல்லை.

அவ கதவடிக்கு வந்து பார்த்தா. என் முகத்தைப் பார்த்தே விளங்கியிருக்க வேண்டும். திரும்பிப் போய் ஒரு பழைய பர்ஸைக் கொண்டுவந்தா. அதிலிருந்து அறைச் சாவியை எடுத்து என் கையில் வைத்தா. "மிஃப்தாஹ் வாஹித்" என்று ஒரு விரலைக் காட்டினா. ஒரே ஒரு சாவிதான், உள்ளே பூட்டிக்கொள் என்கிறா. அதோடு விடவில்லை. தன் அடையாள அட்டையையும் எடுத்து சாவிக்கு மேலே வைத்து என் விரல்களை மடக்கிவிட்டா.

நான் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தேன். அவ வாங்கவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அரபியும் சிங்களமும் கையுமாகச் சொன்னா. குவைத்தில் இறங்கிய முதல் ராத்திரி, அந்த வீட்டு மாமா, அதாவது எஜமானி, இவவுடைய பாஸ்போர்ட்டை வாங்கி அலுமாரியில் போட்டுப் பூட்டினாவாம். "ஜவாஸ் மா ஃபீ" என்று வெறும் கையை விரித்துக் காட்டினா. அந்த ராத்திரி நித்திரை இல்லை என்பதைக் கண்ணைப் பெரிதாகத் திறந்து காட்டினா. பிறகு என் கையிலிருந்த தன் அட்டையைத் தட்டி, "நௌம், நௌம்" என்றா. படு, படு.

வெளியே போய்க் கதவைச் சாத்தினா. நான் உள்ளே பூட்டினேன்.

அந்தக் காலத்து லேமினேட் அட்டை உங்களுக்குத் தெரியும். கறுப்பு வெள்ளைப் படம், எழுத்தெல்லாம் சிங்களத்தில். பெயரைக்கூட என்னால் வாசிக்க ஏலவில்லை. வாசிக்க முடிந்தது இலக்கம் மட்டும்தான். முதல் இரண்டு இலக்கம் 61, பிறந்த வருடம். அடுத்த மூன்றும் 761. பெண்களுக்கு அதில் 500ஐக் கழித்தால் வருடத்தின் எத்தனையாவது நாள் என்று வரும். 261. பெப்ரவரிக்கு 29 என்றுதான் அவர்கள் கணக்கு. விரல் விட்டு எண்ணினேன், செப்டம்பர் 17. கணக்குப் பாட டீச்சருக்கு நடுச்சாமத்தில் வேறு என்ன வேலை. எங்கட உம்மாவும் 61தான். அதைக் கண்டுபிடித்த பிறகு பேக்கை மடியிலிருந்து இறக்கிக் கீழே வைத்தேன். எப்போது நித்திரையானேன் என்று தெரியாது.

விடிய எழும்பிக் கதவைத் திறந்தால் புகார் இல்லை. வீடு மலையின் விளிம்பில் இருந்திருக்கிறது. ஒரு பக்கம் ஊர், மறுபக்கம் நேரே கீழே, தெற்கே கண்ணுக்கெட்டிய தூரம் தாழ்ந்த நிலம். அம்மே முற்றத்தில் நின்று பல் துலக்கிக்கொண்டிருந்தா. சாவியையும் அட்டையையும் கொடுத்தேன். பார்க்காமலே சட்டைக்குள் சொருகினா.

பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப்போய், கண்டக்டரிடம் எங்கே இறக்க வேண்டுமென்று இரண்டு தரம் சொன்னா. காசு கொடுக்கப் பார்த்தேன், கையைத் தட்டிவிட்டா. மகனுடைய ஸ்வெட்டரைக் கழற்றப் போனேன், அதற்கும் விடவில்லை. அந்தப் பாடசாலையில் இருந்த ஐந்து வருடமும் ஊருக்கு வந்து திரும்பும்போதெல்லாம் அந்த வீட்டு வழியாகத்தான் போவேன். உம்மா கட்டித் தருகிற கருவாட்டுப் பொதி அவவுக்குத்தான். இழுப்புக்கு என்று கருஞ்சீரக எண்ணெய்ப் போத்தலும் இருக்கும்.

அன்றைக்கு ஏழே முக்காலுக்குப் பாடசாலைக்குப் போய்ச் சேர்ந்தேன். அதிபர் கடமையேற்புப் படிவத்தைத் தந்து நிரப்பச் சொன்னார். பெயர், முகவரி எழுதி, அடையாள அட்டை இலக்கத்துக்கு வந்தேன். என் இலக்கம் 90இல் தொடங்கும். பேனை 61761 என்று எழுதிவிட்டு நின்றது.

"என்ன டீச்சர், நம்பர் மறந்து போச்சா?" என்று கேட்டார்.

இன்னொரு படிவம் கேட்டு வாங்கினேன்.