நேரசூசியில் ஒரு வெற்றுக் கட்டம்

2026 ஜனவரி 14

தரம் 6க்கான புதிய கலைத்திட்டம் 2027க்குத் தள்ளிவைக்கப்பட்டுவிட்டது. தரம் 1 மட்டும் இவ்வாண்டு தொடங்கும். பாடங்களை இணைத்துக் கற்பிப்பது பற்றி நாடே பேசிக்கொண்டிருந்தது. தள்ளிப்போட்டதும் அந்தப் பேச்சு நின்றுவிடும் என்ற பயத்தில்தான் இதை எழுதி வைக்கிறேன். என்னைக் கேட்டால், குறை முழுவதும் ஆசிரியர் பயிற்சியில் இருக்கிறது. சில நாள் செயலமர்வில் கைந்நூலைக் கையில் கொடுத்து அனுப்பினால், இருபது வருடம் ஒரே பாடத்தைக் கற்பித்தவர் மூன்று பாடங்களைச் சேர்த்துப் பார்க்கப் பழகிவிடமாட்டார்.

ஜனவரி 15

பொங்கல். மட்டக்களப்பு வாவி இன்னும் மாரி நீரால் நிரம்பியிருக்கிறது.

ஜனவரி 19

இந்த நாட்டுக்கு இது முதல் முயற்சி அல்ல. 1972இல் பௌதிகம், இரசாயனம், உயிரியல் மூன்றும் ஒரே விஞ்ஞானமாயின. வரலாறு, புவியியல், குடியியல் மூன்றும் சமூகக் கல்வியாயின. ஒரே ஆண்டில், ஒரே அரசின் கையால் இரண்டும் நடந்தன. விஞ்ஞானம் இன்றுவரை சாதாரண தரத்தில் ஒரே பாடமாகவே நிற்கிறது. சமூகக் கல்வி நிலைக்கவில்லை. 2007 சீர்திருத்தத்தில் வரலாறு தனியான கட்டாயப் பாடமாகியது, புவியியலும் குடியியலும் தத்தம் வழியே போயின. வரலாற்றின் பிரிவுக்கு அரசியல் காரணங்களும் உண்டு என்பதை மறுக்கமாட்டேன். ஆனால் வகுப்பறைக்குள் இருந்த காரணத்தையும் பார்க்க வேண்டும். உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் படித்த ஒருவர் பௌதிகமும் இரசாயனமும் தொட்டே வந்திருப்பார். கணிதப் பிரிவில் வந்தவருக்கு உயிரியல் ஒன்றுதான் குறையும். கலைப்பிரிவில் அப்படி இல்லை. தமிழ், இந்து நாகரிகம், புவியியல் என்று மூன்றை எடுத்தவர் வரலாற்றைச் சாதாரண தரத்தோடு விட்டிருப்பார். அவர் கையில் சமூகக் கல்வி கொடுக்கப்பட்டால் தெரிந்த பகுதி நீளும், தெரியாத பகுதி வாசிப்பாகச் சுருங்கும். நூல் இணைந்திருந்தது, கற்பிப்பவர் அறிவு இணைந்திருக்கவில்லை.

ஆக, பயிற்சிதான் என்று மறுபடியும் எழுதத் தோன்றுகிறது. அப்படியானால் ஆரம்பப் பிரிவு எப்படித் தப்பியது? 1999இல் நாடளாவ வந்த கலைத்திட்டத்தில் சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என்ற இணைந்த பாடம் வைக்கப்பட்டது. அதைக் கற்பித்தவர்கள் எல்லாத் துறையிலும் தேர்ந்தவர்கள் அல்லவே.

ஜனவரி 20

ஆரம்பப் பிரிவில் காலை தொடங்கி முடியும்வரை பெரும்பாலும் ஒரே ஆசிரியர். பாடங்களை இணைக்க அவர் வேறு எவரோடும் கூடிப் பேச வேண்டியதில்லை.

ஜனவரி 28

ஓர் அலகை மட்டும் எடுத்துக் கணக்குப் பார்க்கிறேன். தரம் 8, வாவியின் உவர்த்தன்மை. மாதத்துக்கு ஒரு முறை பாலமீன்மட்டு முகத்துவாரத்தருகிலும் உள்ளே வவுணதீவுப் பக்கத்திலும் நீர் எடுத்து, நீரமானி விட்டு அடர்த்தி பார்ப்பது. நன்னீர் 1.000 அளவில் நிற்கும், கடல்நீர் 1.025 அளவில். ஜனவரியில் வாவி நன்னீரை ஒட்டியிருக்கும். மழை ஓய்ந்து வெயில் ஏற ஏற எண்ணும் ஏறும், முதலில் முகத்துவாரத்தில், பிறகு உள்ளே. பள்ளி ஆண்டும் அந்த ஏற்றத்தோடு கூடவே நகர்கிறது. நீரமானி ஏன் மேலெழுகிறது என்பது விஞ்ஞானம். வாடைக்காற்று மழையும் முகத்துவாரத்து மணல்திட்டும் புவியியல். ஆயிரத்தில் ஓரிரு பங்கு வித்தியாசம் கண்ணுக்குத் தெரிய வரைபின் அளவுத்திட்டத்தை எப்படி எடுப்பது என்பது கணிதம்.

மூன்று ஆசிரியர்கள் கூடிப் பேசியே ஆகவேண்டும். வரைபு மூன்றாம் தவணையில் வருகிறது என்று கணித ஆசிரியர் சொன்னால், பெப்ரவரியில் எடுத்த அளவீட்டைப் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? சரி, எப்போது கூடுவது? கிழமைக்கு 40 பாடவேளை. ஒருவருக்கு 30 கற்பித்தல் என்று வைப்போம், 10 ஓய்வு, அதாவது நாலில் ஒன்று. நேரசூசி தன்போக்கில் அமைந்தால் மூவரும் ஒரே வேளையில் ஓய்வாக இருப்பதற்கு 64இல் ஒரு வாய்ப்பு. 40 பாடவேளையில் அது முக்கால் முறைகூட வராது. தமிழாசிரியரையும் சேர்த்து நால்வராக்கினால் ஏறத்தாழ ஆறு கிழமைக்கு ஒரு முறை. அந்த ஒன்றும் யாராவது லீவு எடுத்த நாளில் பதில் பாடவேளையாகப் போய்விடும். 50 நிமிடப் பாடவேளை வந்தால் நீர் எடுத்துத் திரும்ப உதவலாம், கூடிப் பேச உதவாது.

பெப்ரவரி 1

மனம் சலித்துப்போன நாள். 64இல் ஒன்று.

பெப்ரவரி 6

இன்று கணக்கைத் திருப்பிப் பார்த்தேன். தன்போக்கில் விட்டால்தானே 64இல் ஒன்று? நேரசூசி வரையத் தொடங்குமுன் புதன் மூன்றாம் பாடவேளை என்று ஒரு கட்டத்தில் மூன்று பெயரையும் எழுதிவிட்டால், அது 40க்கு 1. யாருக்கும் ஒரு பாடவேளை கூடவோ குறையவோ செய்யாது. இருந்த பத்து ஓய்வில் ஒன்று இடம் மாறுகிறது, அவ்வளவுதான். மற்ற 39 கட்டங்களை நிரப்புவது கொஞ்சம் கடினமாகும். ஆய்வுகூடமும் விளையாட்டு மைதானமும் இதைவிடப் பெரிய நெருக்கடிகளைக் கொடுத்தும் பிரதி அதிபர்கள் ஆண்டுதோறும் சமாளிக்கிறார்கள். நீர் எடுக்கப்போகும் நாளுக்கு மட்டும் இடைவேளைக்கு முன்னால் இரட்டைப் பாடவேளை வேண்டும். அதையும் விஞ்ஞானம் ஒரு மாதம், புவியியல் ஒரு மாதம் என்று மாறிமாறிக் கொடுக்கலாம்.

படுவான்கரையின் சிறு பாடசாலைகளில் இந்தக் கட்டமே தேவைப்படாது என்று சொல்வார்கள். அது உண்மை. விஞ்ஞானமும் கணிதமும் ஒருவர் தலையிலேயே இருக்கும் இடத்தில் கூட்டம் எதற்கு? ஆனால் அங்கே மூன்றாவது பாடத்தைக் கேட்க ஆளில்லை. பெரிய பாடசாலையில் ஆள் உண்டு, சந்திக்க வேளை இல்லை. சிறியதில் வேளை உண்டு, ஆள் இல்லை. மகரகமவில் அச்சாகும் ஒரே வழிகாட்டி இரண்டுக்கும் பொருந்தாது. சிறு பாடசாலைக்கு வலயத்தின் ஆசிரிய ஆலோசகர் தவணைக்கு இருமுறையாவது வரவேண்டும், வாவியின் மறுகரைக்கும் வரவேண்டும்.

பெப்ரவரி 17

பரீட்சைப் பாடங்களில் நேரம் குறையும் என்ற ஆட்சேபம் எல்லாவற்றிலும் வலியது. பெற்றோரின் அச்சத்தை நான் சிறிதாக எண்ணவில்லை. சாதாரண தரத்தில் பாடம் பாடமாகத்தான் புள்ளி. ஆனால் கேட்கப்படுவது ஆண்டு முழுவதையும் அல்ல. பின்லாந்தில் 2016இல் நடைமுறைக்கு வந்த கலைத்திட்டமே பல்துறை அலகு ஆண்டுக்கு ஒன்றேனும் வேண்டும் என்றுதான் கேட்கிறது. வாவி அலகில் அடர்த்தியும் பருவமழையும் வரைபும் எப்படியும் கற்பிக்கப்பட வேண்டியவை. ஒன்றும் கூடவில்லை. நடந்தது இணைப்புத்தானா என்று அறியப் பிள்ளைகளின் கொப்பி போதும். மூன்று கொப்பியிலும் உவர்த்தன்மையின் வரைவிலக்கணம் மூன்று தரம் இருந்து, ஒன்றில் எடுத்த எண் மற்றதில் எங்கும் பயன்படாதிருந்தால், பாடங்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றிருக்கின்றன, சேரவில்லை.

காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் விஞ்ஞானப் பட்டதாரி. 1947இல் வெளிவந்த யாழ்நூலில் நரம்பின் நீளத்தைக் கணக்கிட்டுப் பழைய இசையைத் தேடினார். அவருக்கு இரண்டும் ஒரு தலைக்குள் இருந்தன. நம்மில் பலருக்கு இரண்டாவது பக்கத்து வகுப்பறை ஆசிரியரிடம் இருக்கிறது.

பெப்ரவரி 18

தாழங்குடா கல்வியியற் கல்லூரியில் இருந்து ஆண்டுதோறும் வெளிவருகிறவர்களிலும் பலர் ஒவ்வொரு பாடத்துக்கெனவே வருகிறார்கள். அதை மாற்ற ஆண்டுகள் ஆகும்.

மார்ச் 3

2027க்கான நேரசூசி இவ்வாண்டு முடிவில் வரையப்படும். அதை வரையப்போகும் பிரதி அதிபர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வெறுந்தாளில் முதலில் அந்த ஒரு கட்டத்தை அடைத்துவிடுங்கள், மூன்று பெயரை எழுதுங்கள், பதில் பாடவேளைக்கு அதைத் தொடாதீர்கள்.