பதிமூணு டீமும் ஒரு காலி கட்டமும்

போன வாரம் டவுனுக்குப் போனது உரம் வாங்க இல்ல. எங்க ஊர்ப் பசங்களைக் கூட்டிக்கிட்டு கபடி ஆட. பாண்டிச்சேரியில நடந்த சின்னப் பசங்க போட்டி. 16 வயசுக்குள்ள, எடை 55 கிலோவுக்குள்ள இருக்கணும்னு நோட்டீஸ்.

களத்துல ஏழு பேர், வெளியே அஞ்சு பேர், ஆக பட்டியல்ல 12 பேர் எழுதலாம். எங்க நல்ல ரைடர் பையனுக்கு ஆதார்ல ஒரு பிறந்த தேதி, பள்ளிக்கூட டி.சி.யில வேற தேதி. ஆதார்படி வயசு தாண்டலை, டி.சி.படி தாண்டிடுச்சு. பசங்க "ஆதாரைக் காட்டலாம் மாமா"ன்னாங்க. ஆனா நோட்டீஸ்ல டி.சி. கேட்டிருந்தாங்க. பின்னால யாராவது புகார் பண்ணா மொத்த டீமும் வெளியே போகும். முதல் நாள் ராத்திரியே அவன் பேரை எடுத்துட்டு ஒரு சின்னப் பையனைச் சேர்த்தேன். ரைடர் பய என்கிட்ட ரெண்டு நாள் பேசலை.

வந்தது 13 டீம். நாக்-அவுட் கட்டம் 16-க்குத்தான் சரியா வரும். அதனால மூணு டீமுக்கு பை, அதாவது முதல் சுத்து ஆடாமலே மேல போறது. மிச்சம் 10 டீம் அஞ்சு ஆட்டம். ஜெயிச்ச அஞ்சும் பை வாங்கின மூணும் சேர்ந்தா எட்டு. கேப்டன்கள் முன்னாடி சீட்டுக் குலுக்கி, சார்ட்டைச் சுவத்துல ஒட்டினாங்க.

காலையில எடை போட்டப்போ எங்களுக்கு எதிரா இருந்த டீமுக்கு அடி. அவங்க ஒம்பது பேர்தான் பட்டியல்ல கொடுத்திருந்தாங்க. மூணு பேர் 55-ஐத் தாண்டிட்டாங்க. மிச்சம் ஆறு. ஏழு பேர் இல்லைன்னு விலகிட்டாங்க. பட்டியல் மூடியாச்சு, புதுப் பேரும் சேர்க்க முடியாது.

உடனே ரெண்டு டீம்காரங்க, "இப்போ 12 டீம்தானே, மறுபடி குலுக்குங்க"ன்னு சத்தம். அவங்களுக்கு வந்தது பலமான எதிரணி. நடத்துனவர் மசியலை. "அண்ணே, ஒருத்தர் விலகினா ஒரு கட்டம்தான் காலி. மறுபடி குலுக்கினா எல்லாருக்கும் எதிராளி மாறிடும். அப்புறம் ஆள் பாத்து மாத்திட்டோம்னு பேசுவாங்க"ன்னார். எங்களுக்கு வாக் ஓவர் கொடுத்தாங்க.

பசங்க துள்ளிக் குதிச்சாங்க. ஆனா மதியம் வரைக்கும் சும்மா உட்கார்ந்திருந்தோம். எதிரே வந்தவங்க ஒரு ஆட்டம் ஆடி சூடா இருந்தாங்க. ஆறு புள்ளியில தோத்தோம்.

வேன்ல வரும்போது அந்த ரைடர் பய, "நான் இருந்திருந்தா?"ன்னான். பதில் சொல்லலை. அந்த மூணு பேர் முகம்தான் கண்ணுல நின்னுது. அடுத்த தடவை 12 பேரையும் முழுசா எழுதணும், ஒரு வாரம் முன்னாடியே எடை போட்டுப் பாத்துடணும். எங்க மளிகைக் கடைத் தராசே போதும்.