இரண்டாவது விசில்

ஏழாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ஈட்டி எறியப் பழக்கும்போது, நான் முதலில் ஸ்பொஞ்ச் ஈட்டியைத்தான் கொடுப்பேன். அதற்குக் கூர்முனை இல்லை. கையைப் பின்னே நீட்டி, உள்ளங்கை மேலே பார்க்க, தோளுக்கு மேலாக எறியப் பழக அது போதும்.

பிள்ளைகள் ஒரே கோட்டில், 3 மீற்றர் இடைவெளியில் நிற்பார்கள். இடக்கைப் பிள்ளை இடது ஓரத்தில் நிற்கும். முதல் விசிலுக்கு எறிவார்கள். எல்லா ஈட்டியும் விழுந்த பின்பே இரண்டாவது விசில். அதற்குப் பிறகே எல்லோரும் நடந்து போய் எடுப்பார்கள்.

ஒருநாள் ஒரு மாணவன் தன் ஈட்டி விழுந்ததுமே ஓடினான். பிந்தி எறிந்தவனின் ஈட்டி அவன் தோளில் பட்டது. காயமில்லை. "ஸ்பொஞ்ச்தானே மௌலவி" என்று சிரித்தான். நான் அன்றைய பயிற்சியை அத்துடன் நிறுத்தினேன்.

பெண்கள் போட்டியில் எறியும் ஈட்டியே 600 கிராம், முனை உலோகம். நிலத்தில் குத்தி நிற்கும்போது அதன் வால் எறிந்தவர் பக்கமே சாய்ந்திருக்கும். ஓடி வரும் பிள்ளை தடுக்கினால் கண் போய்விடும். ஆகவே நடந்து, பக்கவாட்டால் நெருங்கி, வாலை ஒரு கையால் பொத்திக்கொண்டே பிடுங்க வேண்டும். ஸ்பொஞ்சில் ஓடிப் பழகிய கால் அங்கும் ஓடும்.

தாய்மாரே, எவ்வளவு தூரம் எறிந்தாய் என்று கேட்குமுன், எந்த விசிலுக்கு எடுக்கப் போனாய் என்று பிள்ளையிடம் கேளுங்கள்.