காரணம் தீர்ந்த பிறகு வரும் பயணம்

பள்ளியில் ஒன்றாகப் படித்த இருவர் பல வருடம் கழித்து ஒன்றுகூடலில் சந்தித்து மெல்ல மெல்லக் காதல் கொள்கிறார்கள். இப்படி ஒரு சிறுகதை எழுதப் புகுந்தால் முதலில் குறுக்கே நிற்பது '96' படம். சி. பிரேம்குமார் இயக்கி 2018இல் வந்த அந்தப் படத்தில் ராமும் ஜானுவும் பள்ளியிலேயே காதலித்தவர்கள். தேக்கி வைத்த காதல் சென்னையில் ஒரே இரவில் உடைகிறது, விடிந்ததும் அவள் சிங்கப்பூருக்கு விமானம் ஏறிவிடுகிறாள். படத்துக்கு அது பொருந்தும். அங்கே ஒரு காதல் ஏற்கெனவே இருக்கிறது, அதைத் திறந்தால் போதும்.

நான் எழுதிய மன்னார் உப்புக்குளத்துக் கதையில் திறப்பதற்கு எதுவும் இல்லை. ஜெமீலும் ஹாஜராவும் வகுப்புத் தோழர்கள் மட்டுமே. இல்லாத காதலை நாற்பது வயதில் புதிதாக முளைக்க வைக்க வேண்டும். அதை ஒரு மாலை விருந்தில் செய்ய முடியாது.

உப்புக்குளத்தில் இந்தக் கதைக்கு ஒரு வரலாறும் சேர்ந்தே வருகிறது. 1990 ஒக்ரோபர் கடைசியில் வட மாகாணத்து முஸ்லிம்கள் 70,000 இற்கும் மேற்பட்டோரைப் புலிகள் வெளியேற்றினார்கள். மன்னார்த் தீவிலிருந்து பலர் வள்ளங்களில் கற்பிட்டிப் பக்கம் போய் இறங்கினார்கள். 1989இல் சாதாரண தரம் எழுதிய வகுப்பு அப்படியே சிதறியது. கதையில் அவர்கள் கூடுவது 2013 ஏப்ரலில். ஜெமீல் ஊர் திரும்பி மீன் வாங்கி விற்கிறான், மணவிலக்குப் பெற்றவன். ஹாஜரா புத்தளத்தில் ஆசிரியை.

ஒன்றுகூடல் காட்சியில் வழக்கமாக நேரும் பிழை கூட்டம். பதினைந்து பெயர்கள், பதினைந்து பகிடிகள், ஒரு குழுப் படம், பிறகு மூலையில் இருவர். வாசகர் யாரையும் பிடித்துக்கொள்ள மாட்டார். நான் ஜெமீலின் கையில் ஒரு கொப்பியைக் கொடுத்தேன். வந்தவர்களின் விவரம் எழுதுவது அவன் வேலை. ஆண்கள் ஒரு பக்கம் சஹனில் சாப்பிடுகிறார்கள், பெண்கள் மறு பக்கம். இருவரும் பேசக்கூடிய ஒரே இடம் அந்தக் கொப்பி இருக்கும் மேசை. அவன் எல்லோரிடமும் கேட்பதையே அவளிடமும் கேட்கிறான். "ஹஸ்பண்ட்?" "மௌத்தாகி ஆறு வருசம்." அவன் அடுத்த கேள்வியைக் கேட்காமல் பேனாவை மூடுகிறான். கூட்டம் முழுவதும் இந்த ஒரு கொப்பிக்குள் அடங்கிவிட்டது.

அடுத்து ஞாபகம். இருவரும் ஒரே சம்பவத்தை ஒரே மாதிரி நினைவுகூர்ந்து நெகிழ்வது எழுத மிகச் சுலபம். அதன் பிறகு கதை நகர இடமிருக்காது. ஆகவே ஜெமீலின் ஞாபகத்தைப் பிழையாக்கினேன். விஞ்ஞானப் பரீட்சையன்று அழுதபடி வெளியே வந்தவள் அவள்தான் என்று இத்தனை வருடம் நினைத்திருக்கிறான். "அது நான் இல்ல. எனக்கு விஞ்ஞானம் நல்லா வரும்" என்கிறாள். அவனுக்கு முகம் சுண்டிவிடுகிறது. எதிரில் நிற்பவளைத் தனக்குத் தெரியாது என்பது அந்த நிமிடத்தில் அவனுக்கு விளங்குகிறது. தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆவல் அங்கே தொடங்குகிறது.

இனி அவர்கள் மீண்டும் சந்திக்க வேண்டும். 'ஏதோ ஒன்று இழுத்தது' என்று எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள். நாற்பது வயதில், பதினாறு வயது மகனோடு வாழும் ஒரு கைம்பெண் ஓர் ஆணைச் சந்திக்க ஊர் ஏற்கும் காரணம் தேவை. உப்புக்குளத்தில் அது கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது. வெளியேறிய பலரிடம் காணி உறுதி இல்லை. அவளுடைய வாப்பாவின் உறுதியும் தொலைந்துவிட்டது, இலக்கமும் தெரியாது. காணிப் பதிவகத்தில் காணியின் பெயரையும் எல்லைகளையும் சொல்லித் தேட வேண்டும். நம் உறுதிகளில் எல்லை என்பது அயல் காணிக்காரரின் பெயர். கிழக்கு எல்லையில் இருந்தது ஜெமீலின் வாப்பாவுடைய வாப்பாவின் தென்னங்காணி. எல்லை சொல்ல அவன் வந்தே ஆக வேண்டும்.

காதல் ஏன் மெதுவாக நடக்கிறது என்பதற்கும் கதைக்குள்ளேயே காரணம் இருக்க வேண்டும். ஹாஜரா ஆசிரியை, விடுமுறையில்தான் வர முடியும். முஸ்லிம் பாடசாலை என்பதால் ஏப்ரலுக்குப் பிறகு நோன்பு விடுமுறை, பிறகு டிசம்பர். அனுராதபுரம், மதவாச்சி என்று சுற்றி வரும் பஸ் பயணம் வேறு. மூன்று வருகையில் அந்த வருடமே முடிந்துவிடுகிறது. 'மாதங்கள் உருண்டோடின' என்று எழுத வேண்டிய அவசியமே வரவில்லை. இரண்டாம் வருகையில் சோளகம் மண்ணை வாரி இறைக்கிறது, மூன்றாவதில் வாடையும் மழையும். காற்றின் பெயரைச் சொன்னாலே எங்கள் கரையில் மாதம் தெரிந்துவிடும்.

2013இல் நோன்பு ஜூலையில் வந்தது. இது எனக்குப் பெரிய உதவி செய்தது. காதல் கதைக்காரர்கள் எதையும் சொல்லத் தெரியாத இடத்தில் தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைப்பார்கள். நோன்பில் அது கிடையாது. பதிவக வாசலில் இருவரும் வறண்ட நாக்கோடு காத்திருக்கிறார்கள். பஸ் ஏறும்போது ஜெமீல் பேரீச்சம்பழமும் தண்ணிப் போத்தலும் கொடுக்கிறான், அவளிடம் அல்ல, மகனிடம். "வழியில நோன்பு திறக்க." மகனைத் தடையாக நிறுத்தாமல் வழியாக்கிய இடம் இது.

உரையாடலில் ஒரு நுட்பத்தைக் கடைசிவரை காத்தேன். வகுப்பில் 'நீ' என்றவர்கள் இப்போது எப்படி அழைப்பது? நம் மக்கள் இந்தச் சங்கடத்தில் அழைப்பதையே தவிர்ப்பார்கள். "எப்ப வந்தது?", "சாப்பிட்டாச்சா?" முதல் இரண்டு சந்திப்பிலும் இருவரையும் அப்படியே பேசவிட்டேன். மூன்றாம் சந்திப்பில் ஹாஜரா தன்னை மறந்து, "நீ இன்னும் குடை வாங்கலயா?" என்கிறாள். அதன்மேல் ஒரு வரிகூட விளக்கம் எழுதவில்லை.

கதையின் திருப்பமும் அந்த டிசம்பரில்தான். உறுதியின் பிரதி நோன்போடு கிடைத்துவிட்டது, வேலை முடிந்துவிட்டது. அப்படியிருந்தும் அவள் வருகிறாள். கிணறு எப்படி இருக்கிறதென்று பார்க்க வந்ததாகச் சொல்கிறாள். கிணறு பார்க்க யாரும் புத்தளத்திலிருந்து பஸ் ஏறமாட்டார்கள் என்பது அவனுக்கும் தெரியும், வாசகருக்கும் தெரியும்.

முடிவில் அவள் காதலைச் சொல்லவில்லை. "நானாவிட நம்பர் எழுதிக்கொள்" என்று தன் மூத்த சகோதரரின் தொலைபேசி எண்ணைச் சொல்கிறாள். கதை நடக்கும் காலத்தில், 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டப்படி, திருமணப் பதிவில் மணப்பெண்ணின் கையொப்பம் கேட்கப்படுவதில்லை. அவள் சார்பில் ஒப்பமிடுபவர் வலி. வாப்பா இல்லாத அவளுக்கு வலி அந்த நானா. கையொப்பம் கேட்கப்படாத ஒருத்தி தானே அந்த எண்ணைக் கொடுக்கிறாள். இதைவிட உரக்க அவள் சம்மதம் சொல்லத் தேவையில்லை.

இதுபோல ஒரு கதை எழுதப்போகிறவர் தன் பிரதியில் ஒன்றைச் சரிபார்க்கலாம். இருவரும் சந்திக்கும் ஒவ்வொரு காட்சிக்கும் பக்கத்தில், அவர்கள் ஊருக்குச் சொல்லக்கூடிய காரணத்தை எழுதிப் பாருங்கள். முதல் காட்சிகளில் காரணம் உறுதியாக இருக்க வேண்டும். ஒரே ஒரு காட்சியில் அது இல்லாமல் போக வேண்டும். எல்லாக் காட்சியிலும் காரணம் இருந்தால் அது நட்புக் கதை. எதிலுமே இல்லையென்றால் அவர்களை இழுத்து வருவது எழுதுபவரின் கைதான்.