பலகைக்கு நகர இடம் விடுங்கள்

டைல்ஸ் தரையும் லேமினேட் தரையும் சந்திக்கும் கதவடியில் வைக்கிற அலுமினியப் பட்டையை இடைவெளியை மறைக்கும் அலங்காரமாகத்தான் பலரும் பார்க்கிறார்கள். என்னைக் கேட்டால், அந்த இடைவெளியைக் காப்பாற்றுவதுதான் பட்டையின் முதல் வேலை. லேமினேட் பலகையின் உள்பகுதி மரநாரை அழுத்திச் செய்தது. மழைக்காலத்தில் காற்றின் ஈரத்தை வாங்கி விரியும், வறண்டால் சுருங்கும். பலகைகள் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டிருப்பதால் அறைத் தரை முழுவதும் ஒரே விரிப்பாக நகர்கிறது. ஒட்டிய டைல்ஸ் அசைவதில்லை. ஆகவே சுவரோரம் விடுகிற 8 முதல் 10 மி.மீ. இடைவெளியைக் கதவடியிலும் விட்டே ஆகவேண்டும்.

பழைய டைல்ஸ் மேலேயே படுக்கையறைக்கு மட்டும் லேமினேட் போடுவது இன்று அடுக்குமாடி வீடுகளில் சாதாரணம். 8 மி.மீ. பலகை, அடியில் 2 மி.மீ. ஃபோம், ஹாலைவிட அறை 10 மி.மீ. உயர்ந்துவிடும். இரு பக்கமும் ஒரே மட்டமாக இருந்தால் மட்டுமே டி வடிவப் பட்டை உட்காரும். இங்கே அதை வைத்தால் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு, மிதிக்க மிதிக்க ஆடும். சரிவாக இறங்கும் ரெடியூசர்தான் இதற்குப் பொருத்தம். கதவை மூடிப் பார்த்து, பலகையின் முனை கதவுப் பலகைக்கு நேர்கீழே வரும்படி கோடு போடுங்கள். அப்போது எந்த அறையிலிருந்தும் அடுத்த தரை தெரியாது. நிலைக்கால்களுக்கு இடையே அளந்து, பட்டையை 1 மி.மீ. குறைத்து ஆக்ஸா பிளேடால் அறுத்து, பிசிறை அரத்தால் ராவுங்கள். அடிப்பட்டையை ஸ்க்ரூ போட்டு டைல்ஸ் தரையோடு மட்டும் இறுக்குங்கள். துளையிடும்போது டிரில்லின் சுத்தியல் அடியை நிறுத்திவிடுங்கள். இல்லையேல் டைல்ஸ் விரிசல் விடும். பலகையை அடிப்பட்டைக்கு 8 மி.மீ. முன்பே நிறுத்தி, மேல்பட்டை பலகைமீது குறைந்தது அதே அளவு ஏறி நிற்கும்படி பொருத்துங்கள். ஏற்றம் குறைந்தால் பலகை சுருங்கும் காலத்தில் சந்து வெளியே தெரியும்.

பட்டை எதற்கு, சிலிக்கான் அடைத்தால் போதாதா என்று கேட்கலாம். மட்டம் ஒன்றாக உள்ள சின்ன அறையில் அது ஓரளவு தாங்கும். ஆனால் 10 மி.மீ. உயர்ந்து நிற்கும் முனையைக் காலடியிலிருந்தும் துடைக்கிற தண்ணீரிலிருந்தும் அது காக்காது. பட்டை ஆடாமல் இருக்கப் பலகையிலும் ஒரு ஸ்க்ரூ போடலாமே என்பது இன்னொரு யோசனை. ஆடுகிற பட்டைக்குக் காரணம் உயரம் பொருந்தாததோ, அடிப்பட்டை தளர்ந்ததோதான். பலகையில் ஸ்க்ரூ இறக்கினால் நகரும் தரை அந்த இடத்தில் பிணைபட்டு, மழைக்காலத்தில் வேறெங்காவது மேலெழும். அறை நடுவில் தரை உப்பி, மிதித்தால் அமுங்குகிறதா? முதலில் மேல்பட்டையைக் கழற்றிப் பாருங்கள். பலகையின் முனை அடிப்பட்டையை முட்டிக்கொண்டிருந்தால், முனையை 8 மி.மீ. அறுத்துவிடுங்கள். வேறு சேதம் இல்லையென்றால் தரை சில நாளில் தானே படியும்.